பச்சை பாக்கெட்டின் பெயரை எடுத்த கதை

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம். தாத்தா காலத்தில் சாக்கில் அளந்து விற்ற மசாலாத் தூளை அப்பா காலத்தில் சிவப்பு பாக்கெட்டில் அடைத்தார்கள். பின்னர் சொந்தத் தொழிற்கூடமும் வந்தது. சிவப்பு பாக்கெட்டுக்கு நல்ல பெயர். பேரங்காடிகளில் விலை போட்டி அதிகமானதும், 2009இல், "விலை குறைவாக இன்னொன்று போடுவோம்" என்று வேறு ஒரு பெயரில் பச்சை பாக்கெட்டை இறக்கினார்கள். 2023இல் ஆலோசனைக்கு என்னை அழைத்தபோது அந்தப் பச்சை வரிசையில் 14 பொருள்கள் இருந்தன. மொத்த விற்பனையில் அவற்றின் பங்கு ஒன்பது விழுக்காடுதான். அந்த ஒன்பதிலும் முக்கால்வாசி மீன் கறி மசாலா, மிளகாய்த் தூள், சாம்பார் பொடி ஆகிய மூன்றிலிருந்து வந்தது. மீதிப் பதினொன்றும் பெயருக்கு இருந்தன.

குடும்பம் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிடுகிறேன். எண்களையும் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

விற்பனைக் குறைவு மட்டும் பிரச்சினை என்றால் இன்னும் ஐந்து வருடம் அப்படியே ஓட்டியிருப்பார்கள். கையைக் கடித்தது பாக்கெட் தாள். அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் சுருளாகத்தான் வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செதுக்கிய உருளை வேண்டும். அச்சகம் ஒரு வடிவத்துக்கு 250 கிலோவுக்குக் குறைவாக அடித்துத் தராது. கால் கிலோ பாக்கெட் ஒன்றுக்கு ஏழு கிராம் தாள் போகிறது என்றால், 250 கிலோவில் 35,000 பாக்கெட் போடலாம். பச்சை வரிசையின் ரசப்பொடியோ மாதம் 600 பாக்கெட்தான் போனது. ஒரு முறை அச்சிட்டால் ஐந்து வருடத்துக்குத் தாள் கிடங்கில் தூங்கும். இடையில் முகவரி மாறினாலோ சத்துப் பட்டியல் மாறினாலோ அத்தனையும் குப்பை. துணைப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளும் செலவு விளம்பரத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சின்ன நிறுவனத்தில் அது கிடங்கின் மேல் தட்டில் இருக்கும்.

முதலாளி முடிவோடுதான் வந்தார். "எல்லாத்தையும் சிவப்புல மாத்திடலாம் தம்பி. ஒரே பேரு, ஒரே பாக்கெட்டு. ஜனவரியில ஆரம்பிச்சிடலாம்." இரண்டு வாரம் பொறுங்கள் என்றேன். முதலில் ஒன்று தெரிய வேண்டியிருந்தது: பச்சை பாக்கெட்டை வாங்குகிறவர்கள் உண்மையில் எதை வாங்குகிறார்கள்?

இரண்டு சனிக்கிழமை தேக்கா சந்தையிலும் ஒரு புளோக் கீழ்த்தளத்து மினிமார்ட்டிலும் நின்றேன். பச்சை வரிசையில் எதையாவது எடுத்தவர்களிடம், "கடைக்காரரிடம் இதை எப்படிக் கேட்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். பிடிக்குமா, ஏன் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவிடுவார்கள். 58 பேரில் 39 பேர் "பச்சை பாக்கெட்" என்றார்கள். மலாய் அம்மாமார்கள் "யாங் ஹிஜாவ்" என்றார்கள், அதுவும் பச்சைதான். அச்சிட்டிருந்த பெயரைச் சொன்னவர்கள் எட்டுப் பேர். மீதிப் பேர் கையால் காட்டினார்கள், அல்லது வெறும் "மீன் மசாலா" என்றார்கள். பதினான்கு வருடம் காசு செலவழித்து வளர்த்த பெயரைக் கிட்டத்தட்ட யாருமே சொல்லவில்லை.

அப்புறம் சமையல்காரர்களிடம் போனேன். பச்சை மீன் கறி மசாலாவை வீடுகளைவிட அதிகமாக வாங்கியவர்கள் உணவங்காடிக் கடைக்காரர்களும், வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குச் சமைத்து அனுப்பும் கேட்டரிங்காரர்களும்தான். பச்சை, சிவப்பு இரண்டின் மீன் கறி மசாலாவையும் பெயரில்லாத வெள்ளைப் பையில் போட்டு 12 பேரிடம் கொடுத்தேன். பத்துப் பேர் முகர்ந்து பார்த்தே பச்சையைச் சரியாகப் பிடித்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. சிவப்பின் கலவை காரம் தூக்கலாக இருக்கும். பச்சையின் கலவை முதலாளியின் அத்தை போட்டது: மல்லியைக் கூடுதலாக வறுத்து, சோம்பு கொஞ்சம் அதிகம், மிளகாய் குறைவு. தேங்காய்ப் பால் ஊற்றினால் நிறம் கெடாது. விலை குறைவான வரிசை என்பதால் மிளகாயைக் குறைத்திருக்கிறார்கள். அதுவே இத்தனை பேருக்கு நாக்கில் பழகிவிட்டது.

மிளகாய்த் தூளின் கதை வேறு. அதே பையால் சோதித்ததில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடியவும் முடியாது. இரண்டும் ஒரே ஆலையில், ஒரே பீப்பாயிலிருந்து வருபவை. பச்சை 2 வெள்ளி 20 காசு, சிவப்பு 2 வெள்ளி 80 காசு. சாம்பார் பொடியிலும் வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

ஆக, பச்சை பாக்கெட்மேல் வாடிக்கையாளர்களுக்கு இருந்த நல்லெண்ணம் என்று நாங்கள் ஒரே மூட்டையாக நினைத்ததில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருந்தன: ஒரு கலவை, ஒரு நிறம், 60 காசு. கலவையையும் நிறத்தையும் புதிய பெயருக்குக் கொண்டுபோக முடியும். 60 காசைக் கொண்டுபோக முடியாது. அதை நல்லெண்ணம் என்று கணக்கெழுதவும் கூடாது. விலைக்காக வந்தவர் இன்னொரு நிறுவனம் 50 காசு குறைத்தால் அங்கே போய்விடுவார், நாம் பெயரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

பெயர் போனாலும் எது தங்க வேண்டும் என்பதற்கு சிங்கப்பூரிலேயே பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. 1877இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1998இல் டிபிஎஸ் கைக்குப் போனது. ஆனால் பிஓஎஸ்பி என்ற பெயரை அவர்கள் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேமிப்புப் புத்தகம் திறந்த தலைமுறைகளின் பாசம் அந்த நான்கு எழுத்துகளிலேயே இருந்தது. டைகர்ஏர் விஷயத்தில் நேர்மாறு. 2017 ஜூலை 25ஆம் தேதி அது ஸ்கூட்டோடு ஒன்றானபோது டைகர் என்ற பெயர் போனது, ஸ்கூட் என்ற பெயர் நின்றது. ஆனால் விமானக் குறியீட்டில் ஸ்கூட்டின் TZ போய், டைகரின் TR நின்றது. வாடிக்கையாளர் பார்க்கும் பெயர் ஒரு பக்கம் போக, பின்னால் இருக்கும் அடையாள எண் இன்னொரு பக்கம் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் மசாலாவில் அந்தப் பின்பக்க எண்தான் எங்களை மாட்டிவிட்டது. அதற்கு வருகிறேன்.

முடிவு இப்படி அமைந்தது. ஓடாத பதினொரு பொருளும் தாள் தீர்ந்ததும் நிற்கும். கிடங்கில் நிறையத் தாள் மிஞ்சியவற்றை மட்டும் ஒரு தேதி வைத்து நிறுத்தி, தாளைத் தூக்கிப் போடுவது. மிளகாய்த் தூளும் சாம்பார் பொடியும் சிவப்பில் கரைந்துவிடும். மீன் கறி மசாலா மட்டும் முழுசாகப் பிழைக்கும்: அத்தையின் கலவை மாறாது, பாக்கெட் பச்சையாகவே இருக்கும், மேலே உள்ள பெயர் மட்டும் சிவப்பு வரிசையின் பெயராகும். சிவப்பில் ஏற்கெனவே இருந்த மீன் கறி மசாலாவின் முகப்பில் "காரம்" என்று சேர்த்தோம். இல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு மீன் மசாலா இருக்கும், கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுப்பார்.

பெயரை ஒரே நாளில் மாற்றவில்லை. 2023 அக்டோபரிலிருந்து பழைய பச்சை பாக்கெட்டின் வலது மூலையில், சிவப்புப் பெயர் தாங்கிய ஒரு சின்ன ஒட்டு. அது பழைய தாளையும் தீர்த்தது, இரண்டு பெயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றும் சொன்னது. ஒட்டும்போது கவனிக்க வேண்டியது, அது மூலப்பொருள் பட்டியலையோ காலாவதித் தேதியையோ மறைக்கக் கூடாது. தொழிற்கூடத்தில் முதல் நாளே ஒரு பெட்டி முழுக்க எடையின் மேல் ஒட்டிவிட்டார்கள். திரும்பப் பிரித்து ஒட்ட ஒரு மதியம் போனது. இரண்டாம் கட்டத்தில் சிவப்புப் பெயர் பெரிதாக, பழைய பெயர் அதன் கீழே "முன்பு" என்ற சொல்லோடு சிறிதாக. மூன்றாம் கட்டத்தில் "முன்பு" வரியும் போய்விடும்.

இரண்டாம் கட்டத்தை முதலாளி ஜனவரியில் வைக்கச் சொன்னார். மறுத்தேன். 2024 ஜனவரி 1ஆம் தேதி பொருள் சேவை வரி எட்டிலிருந்து ஒன்பது விழுக்காடாகிறது. அன்று கடையில் எல்லா விலையும் நகரும். அதே வாரத்தில் பாக்கெட்டும் பெயரும் மாறினால், "பேரை மாத்தி விலையை ஏத்திட்டாங்க" என்றுதான் ஜனம் சொல்லும். அந்தப் பேச்சை எந்த விளம்பரத்தாலும் துடைக்க முடியாது. மார்ச்சில் வைக்கலாமா என்றார். மார்ச் நடுவில் நோன்பு மாதம் தொடங்கியது. எங்கள் மலாய் வாடிக்கையாளர்கள் அதிகம் வாங்கும் காலம் அது. அந்த நேரத்தில் ஒருவரை அலமாரி முன் நின்று யோசிக்க வைப்பது முட்டாள்தனம். கடைசியில் நோன்புப் பெருநாள் முடிந்து மே மாதத்தில் மாற்றினோம்.

இங்கேதான் பார்கோடு. பாக்கெட்டின் முதன்மைப் பெயர் மாறினால் பார்கோடு எண்ணும் மாற வேண்டும் என்பது பார்கோடு எண்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. மூலையில் ஒட்டு ஒட்டியவரை பழைய எண்ணே போதும். சிவப்புப் பெயர் பெரிதானதும் புது எண் கட்டாயம். உள்ளே இருப்பது அதே தூள் என்பது கடையின் கணினிக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை ஒரு பழைய பொருள் செத்துவிட்டது, விற்பனை வரலாறே இல்லாத ஒரு புதிய பொருள் பிறந்திருக்கிறது. தானாக ஓடும் ஆர்டரும் பழைய எண்ணோடு நின்றுவிடும்.

நாங்கள் விற்கும் ஒரு பேரங்காடிச் சங்கிலியில் புதிய எண் சேர்க்கப்படும் முன்பே பழைய எண்ணை "நிறுத்தப்பட்டது" என்று குறித்துவிட்டார்கள். அலமாரியின் விலைச் சீட்டில் அந்த வார்த்தை வந்துவிட்டது. கடை ஊழியர்களும் கேட்பவர்களிடம் "இனி வராது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கணினி அப்படித்தான் சொன்னது. அந்த வாரம் மீன் கறி மசாலா மூன்று மடங்கு விற்றது. முதலாளி சந்தோஷமாகப் போன் செய்தார்: "பார்த்தீங்களா, புதுப் பேரு பிடிச்சிருச்சு!" ஆனால் விற்றதெல்லாம் பழைய எண்ணில். பில்களைப் பார்த்தால் ஒருவரே ஆறு, எட்டு பாக்கெட் எடுத்திருந்தார். ஜனம் பதுக்கிக்கொண்டிருந்தது. பெயர் மாற்றத்தில் ஒரு பொருள் திடீரென்று குதித்தால், யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கும் முன் ஒரு பில்லில் எத்தனை என்று பார்க்க வேண்டும். ஒன்று இரண்டு என்றால் புதிய ஆள் வருகிறார். ஆறு என்றால் பழைய ஆள் பயந்துபோயிருக்கிறார்.

பயந்தவர் வீட்டில் எட்டு மாதத்துக்குத் தூள் இருக்கும், அது தீரும்போது அவர் வேறு பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். அதனால் அன்றே அச்சடித்து, மறுநாள் எங்கள் விற்பனைப் பிள்ளைகளை அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பினோம். அலமாரி விளிம்பில் ஒரு பச்சை அட்டை: பழைய பாக்கெட்டின் படம், அம்புக்குறி, புதிய பாக்கெட்டின் படம். கீழே நான்கு மொழியிலும் ஒரே வரி: "அதே மசாலா, பெயர் மட்டும் புதிது." அந்த அட்டையை நாங்கள் மே மாதத்துக்கு முன்பே வைத்திருக்க வேண்டும். அது என் தவறு. விலைச் சீட்டில் வரும் வார்த்தையைக் கடைதான் முடிவு செய்யும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதைக் கேட்டு எழுதி வாங்க மறந்துவிட்டேன்.

கேட்டரிங்காரர்கள் விஷயம் இன்னும் வினோதம். ருசி அவர்களுக்கு அதேதான், ஐந்து கிலோ பை அதேதான், விலை அதேதான். முதல் வாரத்தில் நான்கு பேர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். ஹலால் சான்றிதழ் உள்ள சமையலறையில், பயன்படுத்தும் ஒவ்வொரு மூலப்பொருளும் அதன் பெயரோடும் அதற்கான ஹலால் ஆதாரத்தோடும் கோப்பில் இருக்க வேண்டும். சான்றிதழ் தரும் முயிஸ் அமைப்பு ஆய்வுக்கு வந்தால் அலமாரியில் இருப்பதும் கோப்பில் இருப்பதும் பொருந்த வேண்டும். கோப்பில் பழைய பெயர், பையில் புதிய பெயர். எந்தச் சமையலறை மேலாளரும் அந்த ஆபத்தை ஏற்கமாட்டார். எங்கள் பக்கத்தில் புதிய பெயருக்கான சான்றிதழ் வந்திருந்தது, ஆனால் அதை நாங்கள் யாருக்கும் அனுப்பவில்லை! எல்லோரும் "பாக்கெட் மாறுகிறது" என்ற கடிதத்தில் மும்முரமாக இருந்தோம். ஒரு தங்குவிடுதிச் சமையலறையின் அக்கா போனில் சொன்னார்: "தம்பி, உங்க மசாலாமேல எனக்குக் கோபம் இல்ல. பேப்பர் வந்தா சரக்கு எறக்கிக்கிறேன்."

அதன்பிறகு கணக்கில் இருந்த 46 கேட்டரிங் வாடிக்கையாளர்களுக்கும் புதிய சான்றிதழ், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பொருள் என்ற ஒரு பக்கக் கடிதம், மூலப்பொருள் பட்டியல் மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். ரசீதில் ஆறு மாதம் இரண்டு பெயரையும் போட்டோம். 43 பேர் தொடர்ந்தார்கள். போன மூன்று பேரில் ஒருவர் தொழிலையே விட்டுவிட்டார்.

வீட்டு வாடிக்கையாளர் கணக்கைப் பதுக்கல் குழப்பியதால் வாரவாரமாகப் பார்க்க முடியவில்லை. பழைய எண், புதிய எண் இரண்டின் விற்பனையையும் கூட்டி, 14 வாரத்தை முந்தைய ஆண்டின் அதே 14 வாரத்தோடு ஒப்பிட்டோம். மீன் கறி மசாலா 94 விழுக்காட்டில் நின்றது. பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் பார்த்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும், யாராவது பதறிப்போய்ப் பழைய பாக்கெட்டைத் திரும்ப அடித்திருப்பார்கள்.

மிளகாய்த் தூளில் அப்படி இல்லை. பச்சையில் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் சிவப்புக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு மலிவுப் பாக்கெட்டுக்குப் போனார்கள். முதலாளி சிவப்பின் விலையை இறக்கலாமா என்று கேட்டார். அந்த ஒன்பது விழுக்காட்டின் ஒரு பகுதிக்காகப் பெரிய வரிசை முழுவதிலும் 60 காசை விடுவது நியாயமில்லை என்றேன். அதற்குப் பதில் ஒரு கிலோ சிவப்பு பாக்கெட்டை 8 வெள்ளி 60 காசுக்குப் போட்டார்கள், கால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் பழைய பச்சை விலையை விடச் சற்றுக் குறைவு. கொஞ்சம் பேர் திரும்பினார்கள். மீதியை விட்டுவிட்டோம்.

பழைய பெயரின் வணிகச் சின்னத்தைப் புதுப்பிக்காமல் விடலாமா என்ற கேள்வியும் வந்தது. பதிவு பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஆனால் தொடர்ந்து ஐந்து ஆண்டு பயன்படுத்தாமல் இருந்தால், பதிவு இருந்தாலும் அதை நீக்கச் சொல்லி யாரும் கேட்கலாம். புதுப்பித்துவிட்டோம். ஐந்து ஆண்டுக்குள் யாராவது அந்தப் பெயரில் ஒரு பச்சை பாக்கெட் இறக்கினால் தடுக்க வழி இருக்கும். அதற்கப்புறம் அந்தப் பெயரை நினைத்து யாரும் ஏமாற மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

2025 நடுவில் "முன்பு" வரியையும் எடுத்தோம். அது போனதை யாரும் கேட்டதாக எங்கள் பிள்ளைகள் சொல்லவில்லை. இப்போது மிஞ்சியிருப்பது நிறம். முதலாளியின் மகன் நிர்வாகத்துக்கு வந்திருக்கிறார். அலமாரியில் எல்லாம் சிவப்பாக இருக்கையில் ஒன்று மட்டும் பச்சையாக நிற்பது அவருக்குக் கண்ணை உறுத்துகிறது. "பேரே போயிடுச்சு, கலர் மட்டும் எதுக்கு அண்ணே?" என்கிறார். கடைகளில் இன்னும் "பச்சை பாக்கெட்" என்றுதான் கேட்கிறார்கள் என்று சொன்னேன். பச்சைக்கான அச்சு உருளைகள் தேய்ந்துகொண்டு வருகின்றன. அவற்றைப் புதிதாகச் செதுக்கும் செலவுக்கு அவர் கையெழுத்துப் போடுவாரா என்பது அடுத்த தாள் ஆர்டரில் தெரியும்.